படிக்கத் தெரியாத வீட்டில் வாசிப்பு

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பெற்றோரில் பாதிப் பேர் கட்டட வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர்கள். "வீட்டில் கொஞ்சம் படிக்க வையுங்கள்" என்றால், "எனக்கே கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும் டீச்சர்" என்கிறார்கள். கதை சொல்லச் சொல்லுங்கள், பேசச் சொல்லுங்கள் என்று பயிற்சிகளில் கேட்கிறோம். கதை கேட்டால் வாசிப்பு வந்துவிடுமா? அவர்களிடம் என்னதான் செய்யச் சொல்வது?
- ஓர் இடைநிலை ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கதை கேட்பதால் மட்டும் எழுத்து வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'க'வுக்கும் 'ங'வுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லித் தருவது பள்ளியின் வேலை. அதைக் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாவின் தலையில் கட்டக் கூடாது.

ஆனால் எழுத்து பாதி வேலைதான். காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்துக் கூட்டும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கடகடவென்று ஒரு பத்தியைப் படித்துவிட்டு, "என்ன படிச்ச?" என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களிடம் குறைவது இரண்டாவது. அதை வளர்க்கப் படிப்பறிவு தேவையில்லை, பேச்சுப் போதும். ஆனால் எல்லாப் பேச்சும் போதாது. "சாப்பிட்டியா, கை கழுவு, தூங்கு" என்பதும் பேச்சுதான். கண்முன் இல்லாத ஒன்றைப் பற்றி, பிள்ளை தானே நாலு வாக்கியம் கோத்துச் சொல்லும் பேச்சுதான் புத்தக மொழிக்கு அருகில் வருகிறது.

அதனால் பெற்றோரிடம் "கதை சொல்லுங்கள்" என்பதோடு, "கதையைப் பாதியில் நிறுத்துங்கள்" என்றும் சொல்லுங்கள். ஒரே கதையை மூன்று நான்கு இரவு சொல்லலாம். முதல் இரவு முழுதாக. அடுத்த இரவு ஓரிடத்தில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள், அதற்குள் பெரும்பாலும் பதில் வந்துவிடும். பிள்ளை "ஓடிச்சு" என்று மட்டும் சொன்னால், "ஆமா, பயந்துபோய்க் காட்டுக்குள்ள ஓடிச்சு. ஏன் பயந்துச்சு?" என்று நீட்டிக் கொடுத்தால் போதும், திருத்த வேண்டாம். மூன்றாம் இரவு பிள்ளை சொல்ல, பெரியவர் "ம்" கொட்டலாம். கடைசியில் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடச் சொல்லுங்கள். பிள்ளை கதையை விட்டுவிட்டு, எந்தப் பதிலைச் சொன்னால் பெரியவருக்குப் பிடிக்கும் என்று தேடத் தொடங்கிவிடும்.

"எனக்குக் கதையே தெரியாது" என்பார்கள். அன்றைக்கு வேலையில் நடந்ததைச் சொல்லலாம். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா, "இன்னிக்கு நேத்து கட்டின சுவருக்குத் தண்ணி ஊத்தினேன்" என்கிறாள். "ஏன்மா, மழை பெய்யலையா?" "சிமெண்ட் உடனே காஞ்சா வெடிச்சுப் போகும்டா. ஈரம் இருந்தாதான் இறுகும்." சாரம், ஜல்லி, கலவை என்ற சொற்களும், 'ஏன்', 'இருந்தால்தான்', 'அதனால்' என்ற இணைப்புகளும் இப்படிப்பட்ட பேச்சில் வந்துவிடுகின்றன. அறிவியல் பாடத்தின் வாக்கியங்களும் இப்படிக் காரணம் சொல்பவைதானே? மறுநாள் அந்தப் பிள்ளையை வகுப்பில் சுவர் கட்டும் கதையைச் சொல்ல வையுங்கள்.

இனி, வீட்டுப் பேச்சை எழுத்தோடு எப்படிச் சேர்ப்பது? ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். வீடு மெழுகும்போது தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈ ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறது, கேட்கக் கேட்கச் சங்கிலி நீளுகிறது. ஊருக்கு ஊர் மாறும், ஒரு வடிவம் இது:

கொழுகொழு கன்றே, கன்றின் தாயே,
தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே,
கோல் இருக்கும் கொடிமரமே, கொடிமரத்துக் கொக்கே,
கொக்கு நீராடும் குளமே, என் பெயர் என்ன?

இன்னும் நீண்டு, கடைசியில் குதிரை "ஈஈ" என்று கனைக்க, ஈக்குத் தன் பெயர் தெரிந்துவிடும்.

இதைப் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நோட்டில் எழுதி வரச் சொல்லாமல், வாயில் கொண்டுவரச் சொல்லுங்கள். மறுநாள் ஒரு பிள்ளை சொல்லச் சொல்ல, அது சொன்னபடியே பெரிய எழுத்தில் நாலைந்து வரி எழுதுங்கள். "மறந்துபோச்சு" என்று சொன்னால் "மறந்துபோச்சு" என்றே எழுதுங்கள். பாடநூலின் "மறந்துவிட்டது" பிறகு வரட்டும். தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறது என்று பிள்ளை நம்ப வேண்டும், அதுதான் இந்த முறைக்கு உயிர். அப்புறம் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்கட்டும்.

இது மனப்பாடம்தானே என்று யாராவது கேட்பார்கள். முதலில் மனப்பாடம்தான். வாசிப்பாக மாறிவிட்டதா என்று பார்ப்பது எளிது. சொற்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்துவிட்டு, "கொக்கே எங்கே?" என்று கேளுங்கள். "கொழுகொழு கன்றே" என்று முதலிலிருந்து முணுமுணுத்து வந்து தேடினால் இன்னும் நினைவில்தான் நிற்கிறது. சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்தால் படிக்கிறது. சிலர் கொடிமரத்தை எடுத்து "கொக்கே" என்பார்கள். முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்று பொருள், அடுத்த எழுத்துக்குக் கவனத்தை நகர்த்த வேண்டிய நேரம் அது. கொழு, கொடி, கொக்கு ஒருபுறம், கோல் ஒருபுறம் என்று பிரித்து வைத்தால் 'கொ'வும் 'கோ'வும் காதிலும் கண்ணிலும் சேர்ந்து பதியும்.

பிறகு அந்தத் தாளை வீட்டுக்கு அனுப்புங்கள். பாடநூலைப் பிள்ளை தப்பாகப் படித்தால் படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தெரியாது. இந்தத் தாளில் மட்டும் தெரிந்துவிடும், ஏனென்றால் அது அவர் கொடுத்த கதை. "கோலை விட்டுட்டியே, இடையன் கையில என்ன இருந்துச்சு?" என்று அவரே நிறுத்துவார். படித்துக் காட்டக் கேட்கும் இடத்தில், உண்மையிலேயே சரிபார்க்கக்கூடிய ஒருவராக அவர் உட்காருகிறார். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் உங்கள் பக்கத்தில் உண்டு. அவர்கள் தங்கள் மொழியிலேயே கதை சொல்லட்டும். பெரியவருக்குச் சரளமாக வராத தமிழில் சொல்லச் சொன்னால் கதை இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். வகுப்பில் பிள்ளை அதைத் தமிழில் சொல்லும்போது சொல் கிடைக்காமல் திணறினால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் அச்சடித்த சுற்றறிக்கையாக அனுப்பிவிடாதீர்கள். படிக்க முடியாதவருக்கு அது இன்னொரு அவமானம். கதை சொன்னதற்குக் கையொப்பம் கேட்கும் படிவமும் வேண்டாம், சொல்லாமலே போட்டுவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு பாட்டியை முன்னால் உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் நிறுத்தி, பிள்ளைகளிடம் கேட்டு, காத்திருந்து காட்டுங்கள். கூட்டத்தை மட்டும் காலையில் வைக்காதீர்கள். வேலை முடிந்து, சோறு ஆக்கும் முன்பு கிடைக்கும் அரை மணி நேரம் எது என்று அம்மாக்களிடமே கேட்டு வையுங்கள். வெளியூர் வேலைக்குப் போய்விட்ட பெற்றோருக்குத் தொலைபேசி இருக்கிறது. "நல்லா படிக்கிறியா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "பாட்டி என்ன கதை சொன்னாங்க, எனக்குச் சொல்லு" என்று கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.