குழந்தையின் மலத்தில் அரிசி மாதிரி நெளிகிறது, பூச்சி மருந்து கொடுத்தும் போகவில்லை. வீட்டு நாயிடமிருந்து வந்திருக்குமா?

வந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. கடலூர் முதுநகரில் இருக்கிறோம். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கீரிப்பூச்சி என்று நினைத்து இரண்டு முறை அல்பெண்டசோல் கொடுத்தோம். மலப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் என் மாமியார்தான் நெளிந்த ஒன்றை மூடியுள்ள சின்ன பாட்டிலில் தண்ணீர் விட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கீரிப்பூச்சி நூல்போல் மெலிதாக இருக்கும். இது வெள்ளரி விதை மாதிரி தடித்து, சுருங்கிச் சுருங்கி விரிந்தது. காய்ந்தால் மஞ்சளேறிய அரிசியாகிவிடும். அது முழுப் புழு அல்ல, டிப்பிலிடியம் என்ற நாடாப்புழுவிலிருந்து கழன்று வரும் துண்டு. முட்டைகள் பெரும்பாலும் துண்டுக்குள்ளேயே இருப்பதால்தான் பரிசோதனையில் தப்பிவிடுகிறது. நீங்களும் துண்டையே எடுத்துப் போங்கள்.

நாய் நக்கியதால் மட்டும் இது வராது. நாயின் ஆசனவாயிலிருந்து விழும் துண்டிலுள்ள முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் குஞ்சுப்புழு தின்னும். அது வளர்ந்து பூச்சியாகும்போது நாடாப்புழுவின் இளம் பருவமும் அதற்குள் இருக்கும். அந்தப் பூச்சியை விழுங்கினால்தான் தொற்று. நாயைக் கட்டிப்பிடித்துவிட்டு அதே கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அது எளிது. முட்டையை நேரடியாக விழுங்கினாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அண்ணன் தம்பிக்கு ஒட்டிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

மகளுக்கு டாக்டர் எடை பார்த்து பிராசிகுவாண்டெல் ஒரே ஒரு வேளை கொடுத்தார். புழு உள்ளேயே கரைந்துவிடும், வெளியே வரவில்லையே என்று தேடாதீர்கள். நாய்க்கும் கால்நடை மருத்துவர் அதே மருந்தைக் கொடுத்தார். ஆனால் நான்கு வாரத்தில் நாயிடம் மறுபடியும் துண்டுகள். அந்த மருந்து இருக்கிற புழுவைக் கொல்லும், அவ்வளவுதான். தெள்ளுப்பூச்சி இருக்கும்வரை நாய் தன்னைக் கடித்துச் சொறியும்போது இன்னொன்றை விழுங்கிவிடும்.

அப்புறம்தான் தெள்ளுப்பூச்சியை ஒழிப்பதில் இறங்கினோம். நாயை நெருக்கமான சீப்பால் வாரி, உதிர்ந்த கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் போட்டோம். சிவப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், நாயிடமிருந்து பூச்சி குடித்த ரத்தம்தான் அப்படிக் கசிகிறது. எங்களுக்குக் கசிந்தது. மாதம் ஒருமுறை கொடுக்கும் தெள்ளு மாத்திரையை விடாமல் கொடுத்தோம். பூனை இருந்தால் அதற்கும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

நாய் படுக்கும் கோணிச்சாக்கைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் போட்டோம். திண்ணை ஓரம், கட்டிலடி, பாய்க்கு அடியில் தினமும் பெருக்கிக் குப்பையைக் கட்டி வெளியே போட்டோம். இதில் ஒன்று மனதில் இருக்கட்டும். தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழு மணலும் தூசியும் ஒட்டிய கூட்டுக்குள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும், தெளிக்கும் மருந்து அதற்குள் சரியாகப் போகாது. அதனால் இரண்டாம் மாதமும் புதுப்பூச்சி தென்பட்டது. மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்தியிருந்தால் கெட்டிருப்போம். மூன்றாம் மாதம் சீப்பில் தூள் வரவில்லை, துண்டும் வரவில்லை.