பிரச்சினையைக் கடைசியில் எழுதுங்கள்

அன்புள்ள ஐயா,

அடுத்த வாரம் செமினாரில் ஒரு ஆய்வுக்கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும். பிரச்சினை, முறை, முடிவு, வரம்பு என்று நான்காகப் பிரித்து ஒரு பக்கத்தில் சுருக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால், கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் ஆய்வுச்சுருக்கத்தையே மறுபடி எழுதியதுபோல இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

கா.

அன்புள்ள கா,

ஒரு கட்டுரையை வைத்தே சொல்கிறேன். 2020 ஏப்ரல், மே மாதங்களில் டென்மார்க்கில் கோவிட் தொற்று பற்றி நடந்த டான்மாஸ்க்-19 ஆய்வு அது. அதன் பிரச்சினையை ‘மாஸ்க் பயன்படுமா?’ என்று எழுதிவிட்டால், அப்புறம் வரும் மூன்று பகுதிகளும் கோணலாகிவிடும். அவர்கள் கேட்டது அதைவிடச் சின்ன கேள்வி: வெளியே போகும்போது சர்ஜிக்கல் மாஸ்க் அணியும்படி பரிந்துரைத்தால், அந்த நபருக்குத் தொற்று வருவது குறையுமா? அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவுவதை அவர்கள் அளக்கவே இல்லை. எதை அளந்தார்கள் என்பது முறைப் பகுதியில்தான் தெரியும். அதனால் முறையை முதலில் படியுங்கள், பிரச்சினையைக் கடைசியில் எழுதுங்கள்.

முறைக்கு இரண்டு மூன்று வரி போதும். சுமார் 6,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் மாஸ்க் பரிந்துரை. ஒரு மாதம் கவனித்தார்கள். தொற்று பாதியாகக் குறைந்தால் கண்டுபிடிக்கும் அளவுக்கே ஆய்வைத் திட்டமிட்டிருந்தார்கள். இந்தக் கடைசி விவரத்தை விட்டுவிடாதீர்கள், முடிவைப் படிக்க அது வேண்டும்.

கடைசிவரை இருந்தவர்கள் 4,862 பேர். மாஸ்க் குழுவில் 42 பேருக்குத் தொற்று (1.8%), மற்றதில் 53 பேருக்கு (2.1%). இதைப் பார்த்து ‘மாஸ்க்கால் பலனில்லை’ என்று எழுதத் தோன்றும். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. 95% நம்பிக்கை இடைவெளிப்படி, தொற்று 46% குறைந்திருக்கவும் இடமுண்டு, 23% கூடியிருக்கவும் இடமுண்டு. வேறுபாடு இல்லை என்பது வேறு, இருக்கிறதா என்று தீர்மானிக்க முடியவில்லை என்பது வேறு. எண்ணை எழுதும் வரியிலேயே இடைவெளியையும் எழுதிவிட்டால் இந்தத் தவறு வராது.

வரம்புகளில்தான் உங்கள் உழைப்பு தெரிய வேண்டும். ஆசிரியர்கள் தந்த பட்டியலைப் பெயர்த்து எழுதினால் அது மறுபடியும் ஆய்வுச்சுருக்கம்தான். ஒவ்வொரு வரம்பும் எந்த முடிவை, எந்தப் பக்கம் அசைக்கிறது என்று எழுதுங்கள். மாஸ்க் குழுவில் சொன்னபடி முழுமையாக அணிந்ததாகச் சொன்னவர்கள் 46% பேர்தான். அணிவதால் உண்மையில் பலன் இருந்தால், அது இந்த எண்ணில் குறைவாகவே தெரியும். பிறருக்குப் பரவுவதை அளக்காதது அப்படியில்லை. அது 42, 53 என்ற எண்களைத் தொடுவதில்லை, அவற்றை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதை மட்டும் கட்டுப்படுத்துகிறது.

இப்படி எழுதினால் விவாதத்துக்கான கேள்வியும் அங்கேயே கிடைத்துவிடும். இந்தக் கட்டுரைக்கு நான் கேட்பது இது: இந்த எண்கள் மாஸ்க்கைப் பற்றியவையா, மாஸ்க் அணியச் சொன்ன பரிந்துரையைப் பற்றியவையா?