டேங்கிலேயே ஜிப்சம் படியுமா? கலக்கும் முன் ஒரு கணக்கு

"பவானிப் பக்கம் மஞ்சளுக்குச் சொட்டுநீர் போட்டிருக்கோமுங்க. கால்சியம் நைட்ரேட் 5 கிலோவும் மெக்னீசியம் சல்பேட் 5 கிலோவும் தனித்தனியா 100 லிட்டரில் கரைச்சா தெளிவா இருக்குது. ஒண்ணா ஊத்தினா வெள்ளையா மண்டி தங்குது. கரைதிறன் பெருக்கத்தை வெச்சு முன்னாடியே சொல்லிரலாம்னு ப்ளஸ் டூ படிக்கிற பையன் சொல்றான். எப்படீங்க?"

பையன் சொல்வது சரிதானுங்க. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சம் ஆகிறது. அதுதான் அந்த மண்டி. ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கம் 25 டிகிரியில் சுமார் 3 × 10⁻⁵. கலவையில் இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கி வரும் அயனிப் பெருக்கம் இதைத் தாண்டினால் வீழ்படிவு வரும்.

பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது, ஊற்றுவதற்கு முன்பிருந்த செறிவைப் போட்டுவிடுவதில்தான். 100 லிட்டரோடு 100 லிட்டர் சேர்ந்ததும் மொத்தம் 200. ஒவ்வொரு செறிவும் பாதியாகிவிடும்.

உர வகைக் கால்சியம் நைட்ரேட்டில் கால்சியம் ஏறக்குறைய 19 சதம். 5 கிலோவில் 950 கிராம். 40-ஆல் வகுத்தால் சுமார் 24 மோல். மெக்னீசியம் சல்பேட் ஒரு மோல் 246 கிராம் என்பதால் 5 கிலோவில் 20 மோல் சல்பேட். 200 லிட்டருக்கு:

கால்சியம் 0.12 M, சல்பேட் 0.10 M
0.12 × 0.10 = 0.012

இது 3 × 10⁻⁵ போல 400 மடங்கு. படியாமல் எப்படி இருக்கும்? ஏறக்குறைய 3 கிலோ ஜிப்சம் அடியில் தங்கும். காசு கொடுத்து வாங்கிய கால்சியத்தில் பெரும்பங்கு அதில்தான் போகிறது.

இதே கலவை வெஞ்சுரி வழியாக நூறு மடங்கு நீர்த்துப் போனால் கதையே வேறு. இரண்டு செறிவும் நூறில் ஒன்றாவதால் பெருக்கம் பத்தாயிரத்தில் ஒன்றாகி 1.2 × 10⁻⁶ ஆகும். எல்லையில் 25-ல் ஒரு பங்கு. ஆக, டேங்கில் சேர்க்கக் கூடாத இரண்டும் குழாய்த் தண்ணீரில் சேரலாம். இரண்டு டேங்க் வையுங்கள், அல்லது ஒரு நாள் அது, மறுநாள் இது என்று விடுங்கள். நம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியத்தையும் சல்பேட்டையும் கூட்டிக்கொண்டுதான் பெருக்க வேண்டும்: பரிசோதனை அறிக்கையில் லிட்டருக்கு மில்லிகிராமில் இருப்பதை கால்சியத்துக்கு 40,000-ஆலும் சல்பேட்டுக்கு 96,000-ஆலும் வகுத்தால் மோல் கணக்கு வந்துவிடும்.

விடை எல்லையைப் போல ஏழெட்டு மடங்குக்குள் வந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். அயனிகள் ஒன்றோடொன்று இணைந்து கிடப்பதால், வெறும் தண்ணீரிலேயே பாடக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதல் ஜிப்சம் கரையும். போதாததற்கு, ஜிப்சம் சோம்பேறி. சாயங்காலம் தெளிந்திருந்த கலவையில் விடிந்தால் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் ஒரு லிட்டர் பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள்.

சொட்டுவானில் ஏற்கெனவே அடைத்திருப்பது எது என்று தெரிய, சுரண்டி எடுத்த பொடியில் சில சொட்டு அமிலம் விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக் கார்பனேட். ஆசிட் விட்டுக் கழுவினால் போய்விடும். நுரைக்காமல் கிடந்தால் ஜிப்சமாக இருக்கலாம். அதற்கு ஆசிட் பெரிதாக உதவாதுங்க.