நறுக்கிய கத்தரிக்காய் ஏன் கறுக்கிறது? பவுடர் வாங்குவதற்கு முன் படியுங்கள்

கேள்வி: காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் இரவே காய்களை நறுக்கி வைக்கிறேன். கத்தரிக்காய் தண்ணீரில் போட்டும் கறுத்துவிடுகிறது. மகனின் டிபன் பாக்ஸில் வைக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் பழுப்பாகி, சாப்பிடாமல் திரும்பி வருகின்றன. தெரிந்த சமையல்காரர் ஒருவர், ஒரு வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கலந்தால் நாள் முழுக்க நிறம் மாறாது என்கிறார். வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: வாங்க வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் தண்ணீர் ஏன் ஏமாற்றுகிறது என்று பார்ப்போம்.

இந்தக் காய், பழங்களின் சதையில் ஃபீனால் வகைச் சத்துகளும் ஒரு நொதியும் தனித்தனியாக இருக்கின்றன. கத்தி பட்டதும் இரண்டும் கலக்கின்றன. அங்கே காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் பழுப்பு நிறம் உண்டாகிறது. பச்சைத் தேயிலையைக் கசக்கிக் கறுப்புத் தேயிலை ஆக்குவதும் இதே வேலைதான். அங்கே அது வேண்டியிருக்கிறது, உங்கள் சமையலறையில் வேண்டியதில்லை. பழுப்பேறிய துண்டு நஞ்சு அல்ல. ஆப்பிள் பழுப்பாவது அதில் இரும்புச்சத்து இருப்பதால்தான் என்று வாட்ஸ்அப்பில் வலம் வருவதும் உண்மையல்ல.

தடுக்க வேண்டுமானால் காற்றை மறைக்க வேண்டும், அல்லது புளிப்பாலோ உப்பாலோ நொதியை மந்தப்படுத்த வேண்டும், அல்லது சூட்டால் அதை முடித்துவிட வேண்டும். எதற்கு எது பொருந்தும் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்.

கத்தரிக்காயின் சதை பஞ்சு போன்றது. உள்ளேயே காற்று இருக்கிறது. அதனால்தான் துண்டுகள் மிதக்கின்றன. மிதக்கும் துண்டின் மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே இருக்கும். அது கறுக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதன் மேலேயே வைத்து நறுக்கித் துண்டுகளை நேராக உள்ளே விழவிடுங்கள். ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து எல்லாவற்றையும் அமுக்கி வையுங்கள். சமைக்கும்வரை அரை மணி, முக்கால் மணி நேரம் இது போதும். இரவு முழுக்க ஊறவைத்தால் காய் தண்ணீரைக் குடித்துத் தொளதொளத்து, தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும்.

புளித்தண்ணீரில் போடலாமே என்பார்கள். நிறம் நிற்கும், ஆனால் புளிப்பில் ஊறிய காய் மென்மையாக வேக நேரமாகும். காரக்குழம்பு வைப்பதானால் சரி, பொரியலுக்கு வேண்டாம்.

இரவு வேலையை முடித்துவிட வேண்டும் என்றால் சூடுதான் வழி. நறுக்கிய கையோடு, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்கி, ஆறியதும் மூடி குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் குழம்பில் சேர்த்தால் ஆயிற்று. மொத்தக் காயையும் ஒரே நேரத்தில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கிவிடும். அரைகுறைச் சூட்டில் அந்த நொதி அடங்காது. இன்னும் வேகமாக வேலை செய்யும். குளிர்ந்த நீரில் காயைப் போட்டு மெல்லச் சூடாக்குவதும் இதனால்தான் தவறு. நாகர்கோவில் பக்கம் நேந்திரன் சிப்ஸ் போடுகிறவர்கள் காயைக் கொதிக்கும் எண்ணெயின் மேலேயே சீவுவதைக் கவனித்திருப்பீர்கள். கறுக்க நேரமே கொடுப்பதில்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலர் தண்ணீரையும் கத்தியையும் வீணாகக் குறை சொல்கிறார்கள். காயைப் பிளந்த அந்தக் கணத்திலேயே விதைகளும் அவற்றைச் சுற்றிய சதையும் பழுப்பாக இருந்தால், அது நறுக்கியதால் வந்தது அல்ல. கத்தரிக்காய் குளிர் தாங்காத காய். ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில நாள் இருந்தாலே உள்ளே செல்கள் சிதைந்து, வெட்டாமலேயே கறுக்கத் தொடங்கும். உங்கள் குளிர்சாதனப் பெட்டியோ நான்கைந்து டிகிரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கி வெள்ளிக்கிழமை எடுத்தால் தோல் பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே கதை முடிந்திருக்கும். முற்றிப்போன காயிலும் விதை பழுப்பாக இருக்கும். புழு துளைத்த காயில் ஓட்டையும் எச்சமும் காட்டிக்கொடுத்துவிடும். எந்த உப்புத் தண்ணீரும் இவற்றை வெள்ளையாக்காது. சோதிப்பது சுலபம்: பிளந்ததும் வெள்ளையாக இருந்து ஐந்து பத்து நிமிடத்தில் மாறினால் காற்றின் வேலை, பிளக்கும்போதே பழுப்பு என்றால் காயின் கோளாறு. கத்தரிக்காயை இரண்டு நாளுக்கு மட்டும் வாங்கி வெளியே நிழலில் வையுங்கள்.

இரும்பு அரிவாள்மணையில் நறுக்கும்போது நீலம் கலந்த கறுப்பு படிந்தால் அது இரும்பு செய்வது. துருப்பிடிக்காத எஃகுக் கத்திக்கு மாறுங்கள்.

ஆப்பிள் சுலபம். ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கலந்து, துண்டுகளைப் பத்து நிமிடம் முங்க வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தைத் துடைத்து டப்பாவில் அடையுங்கள். மதிய மணி வரை நிறம் ஓரளவு நிற்கும், உப்பு தெரியாது. எலுமிச்சையும் உதவும், ஆனால் பிள்ளைகளுக்குப் புளிப்புப் பிடிக்காது. 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தும் முக்கலாம். மென்று தின்னும் ஆரஞ்சு நிற மாத்திரை வேண்டாம்; அதில் நிறமும் சர்க்கரையும் உண்டு. எதுவும் இல்லாத அவசர நாளில், நறுக்கிய துண்டுகளைப் பழைய வடிவத்திலேயே சேர்த்து ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுங்கள். வெட்டிய முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் காற்று புகாது.

வாழைப்பழத்தை நறுக்கி அனுப்பாதீர்கள். தோலைவிடச் சிறந்த டப்பா இல்லை. வாழைக்காய், வாழைப்பூவுக்கு வீட்டில் வழக்கமாகச் செய்யும் நீர்மோர் நல்ல வழி.

இனி அந்தப் பவுடர். பெயர் சொல்லாமல் விற்கும் இத்தகைய பவுடர்கள் பெரும்பாலும் மெட்டாபைசல்ஃபைட் வகையாக இருக்கும். பாக்கெட்டில் INS 223 அல்லது INS 224 என்று இருந்தால் அதுதான். தண்ணீரில் கரைத்தால் தீக்குச்சி எரிந்த வாடை மூக்கில் ஏறும். பழ ஸ்குவாஷ் போன்றவற்றில் அளவோடு சேர்க்கும் பொருள்தான் இது. ஆனால் உங்கள் சமையல்காரர் அளக்கப்போவது கைப்பிடியில். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது மூச்சுத்திணறலைக் கிளப்பும். பி1 வைட்டமினையும் அழிக்கும். பச்சையாகச் சாப்பிடும் பழம், காய்கறிகளில் இதைச் சேர்க்க அமெரிக்காவில் 1986-லேயே தடை போட்டுவிட்டார்கள்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. நிறம்தான் வாங்குகிறவருக்கு இருக்கும் ஒரே கடிகாரம். அதை இந்தப் பவுடர் நிறுத்திவிடுகிறது, கிருமி வளர்வது நிற்பதில்லை. சந்தையோரத்தில் நறுக்கிக் கட்டி விற்கும் காய்ப் பைகளில் நறுக்கிய நேரத்தை எழுத யாரும் மெனக்கெடுவதில்லை. புகார் கொடுக்கலாமே என்பார்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரி கிடைத்த பிறகு அறிக்கை தர உணவுப் பகுப்பாய்வாளருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. நறுக்கிய காய்க்கோ இரண்டு நாள்தான் ஆயுள்!

ஏற்கெனவே அந்தப் பவுடரைக் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தால், சோடா உப்பு, சர்க்கரை டப்பாக்களின் பக்கத்தில் வைக்காதீர்கள். எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும். மகனுக்கு வீசிங் இருக்கிறதென்றால் வெளியில் நறுக்கி விற்கும் பழத்தையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.