கேப்டிவ் சோலாரும் கூரை சோலாரும்: ஒரு மில் கணக்கு

கேள்வி: எங்க ஃபேக்டரிக்கு கேப்டிவ் சோலார் எடுங்கன்னு ஒரு டெவலப்பர் வந்து பேசுறாங்க. ஷெட் கூரைல போடுற சாதாரண சோலாருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எதுக்குப் போகலாம்?

திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிக்கல் பாக்குறேன், அதனால தமிழ்நாட்டு எச்டி கனெக்‌ஷன வச்சே சொல்றேன்.

கூரைல போட்டா கரண்ட் நேரா உங்க பேனலுக்குள்ள வருது. ஈபி மீட்டருக்கு இந்தப் பக்கமே செலவாயிடும், கிரிட் வழியா கரண்ட் கொண்டுவர்றதுக்கான வீலிங் சார்ஜ் கிடையாது, லைன் லாஸ் கிடையாது. கேப்டிவ்ல நீங்களும் பங்கு போட்ட பிளான்ட் விருதுநகர்லயோ தூத்துக்குடிலயோ எங்கயோ ஒரு கரிசக்காட்டுல இருக்கும், அங்க உற்பத்தி ஆகுற யூனிட்ட கிரிட்ல ஏத்துவாங்க, நீங்க இங்க கிரிட்ல இருந்து எடுத்துக்குவீங்க, மாசக் கடைசில ரெண்டையும் நேர் பண்ணி உங்க பில்லுல கழிப்பாங்க. உங்களுக்கு வர்றது கம்பில வர்ற சோலார் கரண்ட் இல்ல, பில்லுல கழியுற யூனிட். மத்த வித்தியாசம் எல்லாம் இதுல இருந்துதான் வருது.

ஒரு நடுத்தர மில்ல எடுத்துக்குவோம். 1,500 கேவிஏ கான்ட்ராக்ட் டிமாண்ட், மூணு ஷிப்ட், லோடு ஏறத்தாழ 1,200 கிலோவாட்டுல ஒரே சீரா ஓடுது. மாசம் 8.6 லட்சம் யூனிட், வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல. ஷெட்டுல நிழல், வென்டிலேட்டர் எல்லாம் போக 40,000 சதுர அடி கிடைச்சா 400 கிலோவாட் போடலாம், அது வருஷத்துக்கு 6 லட்சம் யூனிட் தரும். மில் எடுக்குற மொத்த யூனிட்டுல ஆறு சதவீதம்கூட இல்ல. இடம் பத்தாததாலதான் எல்லாரும் கேப்டிவ் பக்கம் போறாங்க, ஆனா அதுக்காக கூரைய விட்டுடாதீங்க, உங்களுக்குக் கிடைக்கிறதுலயே நல்ல யூனிட் அதுதான்.

கூரைல ஒண்ணு மட்டும் கவனிக்கணும், பவர் ஃபேக்டர். சோலார் கிலோவாட்ட மட்டும்தான் குறைக்கும், ரியாக்டிவ் பவர் எல்லாம் முன்ன மாதிரியே ஈபிகிட்ட இருந்துதான் வரும். 0.92ல ஓடுற 1,200 கிலோவாட் லோடுல மதியம் 350 கிலோவாட்ட சோலார் எடுத்துக்கிட்டா ஈபி மீட்டர் பாக்குற பவர் ஃபேக்டர் 0.86க்கு கீழ போயிடும். மெஷின் எதுவும் மாறாம பில்லுல மட்டும் அபராதம் வந்தா காரணம் இதுதான், கெப்பாசிட்டர் பேனலுக்கு கரண்ட்ட அளந்து சொல்ற சிடி எந்த இடத்துல இருக்குன்னு முதல்ல பாருங்க, சோலார் சேர்ற இடத்துக்கு ஈபி பக்கமா இருக்கணும். கேப்டிவ்ல இந்தத் தொல்லை இல்ல. அதே சமயம் டிமாண்ட் சார்ஜும் ஒரு ரூபா குறையாது, ஏன்னா நீங்க கிரிட்ல இருந்து இழுக்குற கேவிஏ மாறல.

இப்ப கேப்டிவ் எத்தன மெகாவாட் எடுக்கணும்ங்கிறதுக்கு வருவோம், டெவலப்பர் உங்ககிட்ட பேசும்போது கணக்கு தப்புற இடம் இதுதான். ஒரு மெகாவாட் தெக்குச் சீமைல வருஷத்துக்கு சுமார் 16 லட்சம் யூனிட் தரும், உங்க செலவு ஒரு கோடி யூனிட், அப்ப 6 மெகாவாட் எடுத்தா பில்லே இல்லைன்னு எக்செல் காட்டுவாங்க. ஆனா பகல்ல வந்த சோலார் யூனிட்ட சாயங்கால பீக் யூனிட்டுல கழிக்க முடியாது. காலைல நாலு மணி நேரம், சாயங்காலம் ஆறுல இருந்து பத்து, இது ரெண்டும் பீக், அந்த நேரத்து யூனிட்டுக்கு 25 சதவீதம் கூட, ராத்திரி தனிக் கணக்கு. இதெல்லாம் போனா இந்த மில்லுக்கு சாதாரண நேரம் ஒன்பது மணி நேரம், அதுல மாசம் 3.24 லட்சம் யூனிட்தான் ஓடுது. 6 மெகாவாட் பிளான்ட் மாசம் 8 லட்சம் யூனிட் தரும். காலை பீக்ல வர்ற கொஞ்சத்த அந்த பீக்லயே கழிச்சாலும் மீதி எல்லாத்தையும் கழிக்க இடம் பத்தாது, மிஞ்சுறதுக்கு உங்களுக்கு முழு விலை கெடைக்காது.

அதனால 2 மெகாவாட். மாசம் 2.7 லட்சம் யூனிட், லைன் லாஸ் போனா இன்னும் கொஞ்சம் கம்மி, மார்ச் மாதிரி நல்ல வெயில் மாசத்துலகூட அடங்கிடும். வாரம் ஒருநாள் மில் நிக்கும்னா அதையும் கழிச்சுப் பாத்துக்குங்க. இன்னொண்ணு, நான் சொன்னது மாசத்துக்கு மொத்தமா நேர் பண்ற கணக்கு. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ நேர் பண்ணணும்னா நடுமதியம் உங்க மில் 1.2 மெகாவாட்தான் எடுக்கும், அதுக்கு மேல வர்றதெல்லாம் மிச்சம், அப்ப அந்த அளவுக்குதான் பிளான்ட் எடுக்கணும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இப்ப நடப்புல எந்த முறைன்னு உங்க வட்ட ஆபீஸ்ல கேட்டு எழுதி வாங்கிக்குங்க, டெவலப்பர் வாய் வார்த்த பத்தாது.

அடுத்தது யாரு ஓனருங்கிறது. வெளி ஆளுகிட்ட கரண்ட் வாங்குறவங்க ஈபிக்குக் கட்டுற கிராஸ் சப்சிடி சர்சார்ஜ், கேப்டிவ்னு பேர் வாங்கினாதான் கிடையாது, கேப்டிவ்வோட லாபம் முக்கால்வாசி அதுல இருக்கு. 2005 மின்சார விதிகள்படி ரெண்டு நிபந்தனை: யூஸ் பண்றவங்க கையில குறஞ்சது 26 சதவீதம் பங்கு இருக்கணும், வருஷ உற்பத்தில குறஞ்சது 51 சதவீதம் அவங்களே செலவு பண்ணணும். 2 மெகாவாட்டுக்குன்னு தனியா யாரும் பிளான்ட் கட்டுறது கம்மி, அஞ்சாறு மில் சேந்து 10 மெகாவாட் குரூப் கேப்டிவ்தான் வரும். ஒரு பேச்சுக்கு அந்த கம்பெனியோட ஈக்விட்டி 12 கோடின்னா 26 சதவீதம் 3.12 கோடி, அஞ்சுல ஒரு பங்கு 62.4 லட்சம் நீங்க போடணும். ஓட்டுரிமை உள்ள ஈக்விட்டியாதான் இருக்கணும், பிரிஃபரன்ஸ் ஷேர் குடுத்து ஒப்பேத்துனா செல்லாது.

எடுக்குற யூனிட்டும் பங்குக்கு ஏத்த விகிதத்துல இருக்கணும், பத்து சதவீதம் முன்ன பின்ன போகலாம். குரூப் பிளான்ட்ட தனிக் கம்பெனியா வச்சாலும் இந்த விகிதம் உண்டுன்னு 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1.6 கோடி யூனிட் உற்பத்தின்னா 51 சதவீதம் 81.6 லட்சம், உங்க பங்கு 16.32 லட்சம், குறஞ்சது 14.7 லட்சமாவது நீங்க எடுத்திருக்கணும். நீங்க 2 மெகாவாட் எடுத்து வருஷம் 32 லட்சம் ஓட்டினா பிரச்சனையே இல்ல, ஆனா நூல் மார்க்கெட் படுத்து மூணு மாசம் ஷிப்ட் குறச்சா, இல்ல கூட இருக்குற ரெண்டு மில் மூடிட்டா? குரூப்பே 51ஐ தொடலைன்னா அந்த வருஷம் முழுசும் கேப்டிவ் இல்லைன்னு ஆகி, ஏற்கனவே கழிச்ச யூனிட்டுக்கெல்லாம் சர்சார்ஜ் கேட்டு நோட்டீஸ் வரும். நீங்க ஒழுங்கா ஓட்டியிருந்தாலும் உங்களுக்கும் சேத்துதான். யூனிட்டுக்கு ஒரு ரூபான்னு வச்சாலே 32 லட்சம்.

அதனால ஒப்பந்தத்துல நான் முதல்ல தேடுறது விலைய இல்ல, மத்த மில் தவறினதால கேப்டிவ் அந்தஸ்து போச்சுன்னா சர்சார்ஜ் யாரு கட்டணும்ங்கிற வரிய. அது இல்லைன்னா சேத்து எழுதச் சொல்லுங்க. அப்புறம் மாசாமாசம் எந்த மில்லுக்கு எத்தன யூனிட்னு டெவலப்பர் போடுற அலாட்மென்ட் கணக்குல எல்லா மில்லோட யூனிட்டையும் கேட்டு வாங்குங்க, உங்களோடத மட்டும் இல்ல. வருஷக் கணக்கு மார்ச்சோட முடியுது, டிசம்பர்ல யாரு பின்தங்குறாங்கன்னு தெரிஞ்சா அடுத்த மூணு மாச அலாட்மென்ட்ட அவங்க பக்கம் தள்ளி சரி பண்ணலாம், ஏப்ரல்ல தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.