அண்ணியின் உழைப்பையும் கணக்கில் எழுதுங்கள்

கேள்வி: அம்மாவும் அப்பாவும் பெரியண்ணன் வீட்டில் இருக்கிறார்கள். சின்னண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். "பணம் கொடுத்தால் ஆயிற்றா, பாடு எங்களுக்குத்தானே" என்கிறார் பெரியண்ணி. பேசினாலே சண்டை. கடைக்குட்டியான நான் நடுவில் நின்று எப்படித் தீர்த்து வைப்பது?

பதில்: நீங்களும் செலவில் ஒரு பங்குக்காரர் என்பதால், நடுவராக நீங்கள் அமர வேண்டாம், பணத்திலும் சொத்திலும் எந்தப் பங்கும் இல்லாத, மூவருக்கும் நம்பிக்கையான ஒரு பெரியவரை அழையுங்கள். அவர் முதலில் பெற்றோரிடம் தனியாகப் பேசி, எங்கே இருக்க விரும்புகிறார்கள், யார் குளிப்பாட்டினால் கூச்சமில்லை என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். யாரிடமாவது அவர்களுக்குப் பயம் இருப்பதாகத் தெரிந்தால், பங்குப் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களுடைய பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூடிப் பேசுவதற்கு முன், பெரியண்ணன் வீட்டில் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்: மருந்து, பரிசோதனை, சாப்பாட்டுச் செலவு ஒரு பக்கம், யார், எந்த வேலையை, எத்தனை மணி நேரம் செய்தார் என்பது மறுபக்கம். இரவில் எழுந்ததையும் தவறாமல் எழுதுங்கள், ஏனெனில் உடலை வாட்டும் அந்த வேலைதான் பேச்சில் எப்போதும் விடுபட்டுப் போகிறது. அதே வேலைக்கு வெளியாள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், பராமரிப்பின் மதிப்பு கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மாதக் கைச்செலவு 40 பங்கு, பராமரிப்பு உழைப்பு 60 பங்கு, ஆக மொத்தம் 100 என்று வையுங்கள். பெற்றோரின் சொந்த வருமானம் 20 பங்கைத் தாங்கினால் மீதி 80. அவரவர் குடும்பத்தின் அவசியச் செலவு போக மிஞ்சுவதைப் பார்த்து, பெரியண்ணன், சின்னண்ணன், நீங்கள் என்ற வரிசையில் 2:5:3 என்று பிரித்தால், 16, 40, 24 என்று வரும். பெரியண்ணன் வீட்டார் தர வேண்டியது 16; உழைப்பாகத் தந்திருப்பதோ 60. ஆகவே நீங்கள் இருவரும் தரும் 64 பங்கில் 20 கைச்செலவுக்குப் போக, 44 அவர்களைச் சேர வேண்டும். அந்த 44, உண்மையில் உழைக்கும் அண்ணியின் கைக்கே போகட்டும். அண்ணனிடம் கொடுத்தால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும், மனக்குறை அப்படியே நிற்கும். பணத்தைவிட ஓய்வுதான் வேண்டும் என்று அவர் சொன்னால், அதே தொகைக்கு ஆள் வையுங்கள், அல்லது மாதத்தில் சில நாள் நீங்கள் சென்று பொறுப்பேற்றுக்கொண்டு, அந்த மணிகளை உங்கள் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். முழு மதிப்பும் தாங்க முடியாத குடும்பங்கள் உழைப்பைப் பாதி மதிப்புக்கு எடுத்துக்கொள்வதும் உண்டு. அண்ணி மனமார ஒப்பினால்தான் அது நியாயம்.

பேச்சின் நடுவே "உன் படிப்புக்கு அப்பா எவ்வளவு செலவழித்தார்", "வீடு யாருக்கு" என்று கிளம்பினால், நடுவர் அவற்றைத் தனித்தாளில் எழுதி, வேறொரு நாளுக்கு ஒத்திவைக்க வேண்டும். பராமரிப்பையும் சொத்தையும் ஒரே அமர்வில் பேசிய வீடுகளில் இரண்டுமே முடியாமல் நின்றதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஒப்புக்கொண்டதைத் தேதி, தொகை, பொறுப்பு ஆகியவற்றோடு எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். திடீர் மருத்துவச் செலவையும் அதே 2:5:3 விகிதத்தில் ஏற்பதாக அதில் ஒரு வரி இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து, அல்லது பெற்றோரில் ஒருவர் படுத்த படுக்கையானால் உடனே, மறுபடியும் இரண்டு வாரம் நோட்டு எழுதிக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.