ஹஜ்ஜுக்குப் போகும் நண்பருக்கு

கேள்வி: கூத்தாநல்லூர் பாய் ஒருவர் என் நெடுநாள் நண்பர். மனைவியோடு ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். பயணம் சொல்ல வந்தவர், "ஏதாவது தப்பு நடந்திருந்தா பொறுத்துக்குங்க" என்றார். பழைய கைமாற்று நாலாயிரத்தையும் நீட்டினார். "அதெல்லாம் எதுக்கு பாய், வந்து பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். நல்ல அத்தர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. என்ன சொல்லி வழியனுப்புவது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வாழ்த்து இருக்கட்டும். முதலில் அந்த நாலாயிரத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் பெருந்தன்மையாக நினைத்துச் சொன்ன பதில் அவருக்குச் சுமையாகியிருக்கும். மனிதருக்கு மனிதர் பட்ட கடனையும் செய்த குறையையும், அந்த மனிதரே மன்னித்தால்தான் இறைவனும் மன்னிப்பான் என்பது இஸ்லாமியரின் நம்பிக்கை. ஹஜ்ஜுக்குப் போகிறவர் திரும்பி வராமலும் போகலாம் என்ற எண்ணத்தோடுதான் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புகிறார். அவரிடம் "வந்து பாத்துக்கலாம்" என்றால் கடன் அப்படியே நிற்கிறது என்று பொருள். புறப்படுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். பணம் வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால், "அந்த நாலாயிரத்தை மனசார விட்டுக் கொடுத்துட்டேன் பாய், நமக்குள்ள பாக்கி எதுவும் இல்லை" என்று அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். மற்றக் குறைகளுக்கும் அப்படித்தான். "நீங்க என்ன தப்பு பண்ணிட்டீங்க" என்று சிரித்து மழுப்பாமல், "பொறுத்துக்கிட்டேன், என் பக்கம் குறை இருந்தா நீங்களும் பொறுத்துக்குங்க" என்று சொன்னால் போதும். இதைச் சொல்ல அவருடைய நம்பிக்கை உங்களுக்கு வேண்டியதில்லை.

அத்தர் இப்போது வேண்டாம். ஹஜ்ஜைத் தொடங்கும்போது ஏற்கும் இஹ்ராம் என்ற புனித நிலைக்குள் வந்தபின் ஆணும் பெண்ணும் நறுமணம் எதையும் பூசக்கூடாது. வாசனை சோப்பும் வாசனை ஈரத்தாளும்கூட ஆகாது. நல்ல நோக்கத்தோடு கொடுக்கிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஆண்களுக்குத் தையல் இல்லாத இரண்டு வெள்ளைத் துணிதான் உடை. தலையை மூடவும் கூடாது, அதனால் தொப்பி வாங்கிக் கொடுத்தால் வெயில் நேரத்தில் அவருக்கு உதவாது. தலையில் படாமல் பிடிக்கும் குடைக்குத் தடை இல்லை. மடக்குக் குடை இரண்டு வாங்கிக் கொடுங்கள், அந்த அம்மாவுக்கும் ஆகும். கூடவே மணம் சேர்க்காத வாசலின் ஒரு டப்பா. உள்ளாடை இல்லாமல் பல கிலோமீட்டர் நடக்கும்போது தொடை உரசிப் புண்ணாகும், இதைக் கூச்சப்பட்டு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 50 டிகிரியைத் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

வாழ்த்துக்கு வருவோம். "நல்லா சுத்திப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லாதீர்கள். அவர் போவது கடமையை நிறைவேற்ற. "உடம்புக்கு எதுவும் வராம, மன நிம்மதியோட ஹஜ்ஜை முடிச்சுட்டு நல்லபடியா வீடு வந்து சேருங்க" என்று சொல்லலாம். இதில் ஒரு சொல்லும் உங்களுக்குப் பொய்யில்லை. முஸ்லிம் நண்பர்கள் "ஹஜ் மப்ரூர் ஆகட்டும்" என்பார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜாக அமையட்டும் என்று அர்த்தம். நாக்கில் சரளமாக வந்தால் நீங்களும் சொல்லலாம், அவர் மகிழ்வார். துஆ என்றால் பிரார்த்தனை. "எனக்காகவும் துஆ செய்யுங்க" என்பதை மட்டும் மரியாதைக்காகச் சொல்லாதீர்கள். அவர் அதை ஒரு பொறுப்பாக ஏற்று, அங்கே உங்கள் பெயரைச் சொல்லிக் கையேந்துவார். உங்களுக்கு அதில் ஒட்டுதல் இல்லையென்றால் கேட்காமல் விடுவதே நேர்மை. அவராகவே "உங்களுக்கும் துஆ கேக்குறேன்" என்றால், நம்பிக்கை பற்றிய விவாதம் எதற்கு? நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, போன். இஸ்லாமிய மாதமான துல்ஹஜ் 9ஆம் நாள், மக்காவுக்கு அருகே உள்ள அரஃபாத் திடலில் நண்பகல் சாய்ந்ததிலிருந்து சூரியன் மறையும் வரை நிற்பதுதான் ஹஜ்ஜின் உயிர்நாடி. நம் நேரத்துக்கு அது ஏறத்தாழ பிற்பகல் 3 முதல் இரவு 9.30 வரை. நம் ஊர் பக்ரீத்தை வைத்து முந்தைய நாள் என்று கணக்குப் போட்டால் தவறலாம். 2025இல் தமிழ்நாட்டில் ஜூன் 7 பக்ரீத், அரஃபா நாளோ ஜூன் 5. அவர் மகனிடம் தேதி கேட்டுக்கொண்டு, அன்று கூப்பிடாமல் இருங்கள். அதன்பின் 12 அல்லது 13ஆம் நாள் வரை மக்காவை அடுத்த மினாவில் ஷைத்தானைக் குறிக்கும் தூண்கள்மீது கல்லெறியும் கடமை இருக்கிறது. நலம் கேட்டு ஒரு வரி அனுப்பிவிட்டு, பதில் தாமதித்தால் பதறாமல் இருங்கள்.